வலப்பக்கம் இருந்த பச்சைக் கட்டம்

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் நான் கேட்டது ஒன்று, அவர் காட்டியது வேறு. இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் துபாயில் நர்ஸ். அண்ணன் சிங்கப்பூரில். போன ஐப்பசியில் அம்மா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன்தான் ஓடினான். பசுவந்தனையில் அப்பாவை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் கோவில்பட்டிக் கல்லறையிலேயே அடக்கம் செய்துவிட்டான். சொட்டு மழைகூட இல்லாத நாள், பசுவந்தனைக்கு வண்டி போயிருக்கும். போனில் அவனைக் கூப்பிட்டேன். உன் சௌகரியத்துக்குச் செய்தாய் என்று கத்தினேன்.

"ஏட்டி, கோவில்பட்டியிலயே வைக்கச் சொல்லி அம்மாதான் எங்கிட்ட வாட்ஸ்அப்புல சொன்னா. நான் பொய்யா சொல்லுதேன்?" என்றான்.

காட்டு என்றேன். அவன் போன் மாற்றியதில் பழைய சாட் எல்லாம் போய்விட்டதாம். என் பழைய போனும் தண்ணீரில் விழுந்து போயிருந்தது. அம்மா போனுக்குப் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். ஆனாலும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அவன் சொன்னது பொய் என்று காட்டும்" என்றே கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அவனிடமிருந்து ஒரு படம். சாட் போனாலும் போட்டோக்கள் ஈமெயில் கணக்கில் தனியாகச் சேர்ந்திருந்தனவாம். அதில் தேடி எடுத்த பழைய ஸ்கிரீன்ஷாட். இடப்பக்கம் வெள்ளைக் கட்டத்தில் அம்மா:

"மழை பெஞ்சா பசுவந்தனைக் கரிசல்ல வண்டி இறங்காது. ஒங்கப்பாவத் தூக்குனவிய சேத்துல பட்ட பாடு போதும். மழையோ வெயிலோ, என்னைய கோவில்பட்டியிலயே வச்சிருங்க."

வலப்பக்கம் பச்சையில் ஒரு பதில்: "சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சி." பக்கத்தில் இரண்டு நீல டிக்.

அண்ணன் டூட்டி என்று சொல்ல மாட்டான், அவனுக்கு ஷிப்ட்தான். மேலே பெயரைப் பார்த்தேன். 'ராசாத்தி'. அம்மாவை அந்தப் பெயரில் சேமித்திருந்தது நான். அவன் போனில் வெறும் 'அம்மா'தான். வலப்பக்கம் வருவது, போன் யாருடையதோ அவர் எழுதியது. அது என் போன். அம்மா சொன்னது என்னிடம். நானே படம் பிடித்து, அம்மா பேச்சைப் பார் என்று அவனுக்கு அனுப்பிவிட்டு, மறந்தும் போயிருக்கிறேன்.

உடனே கூப்பிட்டேன். பெயரைப் பார்க்கச் சொன்னேன். அவன் படத்தைத் திறந்து பார்த்தான்.

"அம்மா எங்கிட்ட சொன்னான்னுல்லா இத்தனை நாளும் நெனச்சேன்," என்றான்.

"எங்கிட்டதான் சொல்லியிருக்கா அண்ணே. நான்தான் மறந்துட்டேன்," என்று அழுதேன். அவனும் அழுதான்.

இது ஜெபத்துக்குப் பதிலா, அவன் சும்மா தேடியதா என்று இன்றும் தெரியவில்லை. நான் கேட்டபடி நடந்திருந்தால் அண்ணனை இழந்திருப்பேன், அது மட்டும் தெரியும். இப்போது ஞாயிறுதோறும் அவனோடு பேசிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். சண்டையில் இருக்கிறவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். காட்டுவார். தப்பு உங்களுடையதாக இருந்தாலும் காட்டுவார்.