மஞ்சள் பூ உறை போட்ட சோபா

எங்கள் மாடியில் குடியிருந்த டைலரக்கா ஊசி விரலில் ஏறினாலும் முகம் சுளிக்காதவர். அவர் அன்று மத்தியானம் கீழே இருந்த என் செல்போன் ரிப்பேர் கடைக்குள் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, தன் போனை மேசையில் வைத்தார்.

"தம்பி, இதப் படி."

படிக்கும் முன் கதையைச் சொல்லிவிடுகிறேன். புருஷனின் அடி பொறுக்காமல் ஓடிவந்த தங்கையை அக்கா தன்னோடு வைத்திருந்தார். அந்த ஆள் கண்ணில் படக்கூடாது என்றுதான் பழைய கடையை விட்டு, நம்பரை மாற்றி, இந்தத் தெருவுக்கே வந்தார்கள். இருந்தது ஒரே அறை. தங்கைக்கு இன்னொரு தையல் மெஷின் போட வேண்டும், அதற்குச் சோபா போக வேண்டும். தங்கையின் பழைய போனையும் தள்ளிவிட வேண்டும்.

போன் வேலை எனக்குச் சுலபம். சிம்மை எடுத்து, அக்கவுன்டிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்தேன். பழைய போன் எடுக்கும் கம்பெனிக்காரன் வாசலுக்கே வந்து வாங்கிப் போனான். விலை அடிமாட்டு விலைதான். ஆனால் யாரும் யார் வீட்டையும் விசாரிக்கவில்லை.

சோபாவுக்குத்தான் தகராறு. "கமிஷன் எடுக்கிற ஆப்ல போடுங்கக்கா. அடையாள அட்டை காட்டினாத்தான் அதுல வாங்கவே முடியும். பணத்தையும் அவங்களே பிடிச்சு வெச்சு, சாமான் கை மாறினப்புறம் தருவாங்க" என்றேன். அளவு எழுது, அட்டையைப் படம் எடு, ஒரு நாள் காத்திரு என்று அது படுத்தும் பாட்டில் அக்காவுக்குக் கடுப்பு.

"நான் உட்கார்ந்து தேச்ச சோபால அவனுக்கென்ன பங்கு? காசில்லாத ஆப்பே போதும்."

அதில் நாலு படம், ஒரு வரி, முடிந்தது வேலை. ஏரியா பேர் தெரியும், எவனும் பேசலாம். தலைபாடாய் அடித்துக்கொண்டேன், காதில் ஏறவில்லை.

சோபாவின் இருக்கை கிழிந்திருந்தது. வேறு யாராயிருந்தாலும் அப்படியே படம் எடுத்திருப்பார்கள். டைலருக்கு மனசு கேட்குமா? மிச்சமிருந்த நீலத் துணியில், மஞ்சள் பூப் போட்டது, ஓர் உறை தைத்து மாட்டித்தான் படம் எடுத்தார். தங்கை கல்யாணமாகிப் போன வீட்டுக்கு இதே துணியில்தான் அவர் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருந்தார். அது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

இப்போது போனைப் படித்தேன். சோபா கேட்டு எழுதியவனுடையது அன்றைக்குத்தான் தொடங்கிய கணக்கு, முகப்படம் இல்லை. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"துணி அழகா இருக்கு. நீங்க தச்சதா?"

"ஆமாங்க, என் கைவேலை."

"எங்க வந்து பாக்கலாம்?"

"தண்ணித் தொட்டி எதிர்த் தெரு. வந்துட்டுக் கேளுங்க."

"வரேன். அவ நல்லா இருக்காளா?"

விளம்பரத்தை அழிக்கலாம், அவன் படித்ததை அழிக்க முடியாதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, மாடிப்படி கேட்டைப் பூட்டிவிட்டு, போலீசுக்குப் போன் போட்டேன். அக்கா மேசைக்குக் கீழே குந்திக்கொண்டார். மேலே தங்கை ஒன்றும் தெரியாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சொல்லி அனுப்புவதற்குள் அவன் வந்துவிட்டான். சாதாரண ஆள், இஸ்திரி போட்ட சட்டை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"அண்ணே, இந்தச் சோபா எந்த வீடு?" படத்தை நீட்டினான்.

"அதுவா? காலைலயே வேன்ல ஏத்திட்டாங்க. வித்தவங்களும் காலி பண்ணிட்டுப் போயாச்சு."

அவன் போகவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மேல மெஷின் ஓடுதே?"

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. அவன் சிரித்துக்கொண்டே போய்க் கேட்டை உலுக்கினான். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. உலுக்கிக்கொண்டே இருந்தான், போலீஸ் வண்டி வரும்வரை.

போலீஸ் மிரட்டியது, எழுதி வாங்கியது, அனுப்பிவிட்டது. அனுப்பிவிட்டது என்றால் அவனுக்கு வழி தெரியும் என்று அர்த்தம். மறுநாளே அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உறையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, சோபாவை என் தலையில் கட்டினார்.

நான் அதைக் கமிஷன் ஆப்பில் போட்டிருக்கிறேன், கிழிசல் நன்றாகத் தெரியும்படி. இன்று காலை முதல் ஆள் கேட்டிருக்கிறார்:

"சோபா ஓகே. மேல போட ஒரு உறை தச்சுத் தர்ற ஆள் உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பாவம், நல்ல மனுஷராகவே இருக்கலாம். எனக்குத்தான் பதில் எழுத விரல் வரவில்லை.