காம்பில்லாத மாவிலை

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கம்பெனி மீட்டிங்கில் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் என் ஷூவைப் பார்ப்பேன். ஒரு மாமரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு துணிச்சல். இதில் பிழை இருந்தால் அது என் படிப்பின் பிழை, மரத்தின் மேல் போட வேண்டாம்.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் மனையைப் பாகம் பிரித்தபோது நடுவில் ஹாலோபிளாக் சுவர் எழுந்தது. மாமரம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அண்ணன் பக்கம் போய்விட்டது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சுவர் வந்த பிறகு எனக்கும் என் ஓரகத்திக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்து, "தண்ணி வந்துச்சா?" என்பதில் நின்றுவிட்டது. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த மரத்துக்கு ஜாதிப் பெயர் கிடையாது. பழம் கைக்குள் அடங்கும். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் வாடகைக்கு இருக்கும் தென்மாவட்டத்துப் பையன்கள் அதைக் காய் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நார் இருக்காது. எனக்குப் பெரிதாக எதன் மேலும் ஆசை கிடையாது. புடவை, நகை எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்பதோடு சரி. அந்தப் பழத்தின் மேல் மட்டும் ஆசை உண்டு.

சித்திரையில் செய்தி வந்தது. அக்கா வீட்டில் கம்பெனிப் பையன்களுக்கு ஆறு ரூம் கட்டப்போகிறார்கள், மரம் இடைஞ்சலாக நிற்கிறது, எடுத்துவிடுவார்கள். ஆடியில் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள். ஆவணி பிறந்து பூஜை. அதன் குச்சியை வேறு கன்றில் ஒட்டி அந்தப் பழத்தைக் காப்பாற்ற எனக்கு இருந்த காலம் அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் போவதற்கு முன் இரண்டு வருடம் படப்பை ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை பார்த்தேன். பைக்கு மண் நிரப்புவதும், ஒட்டுக் கட்டிய செடிக்குப் பிளாஸ்டிக் நாடா சுற்றுவதும் பெண்கள் வேலை. கத்தி பிடிப்பது ஆண்கள். அதனால் எனக்குச் சுற்றத் தெரியும், வெட்டிப் பழக்கமில்லை. மோட்டார் பக்கத்தில் குப்பையில் முளைத்த மாங்கன்றுகளைப் போன வருடமே பைகளில் எடுத்து வைத்திருந்தேன். மொத்தம் பதினொன்று. எல்லாம் பென்சில் கனத்துக்கு வந்திருந்தன.

அவசரத்தில் வைகாசியிலேயே மூன்று கன்றில் ஒட்டுப் போட்டேன். எங்கள் சுவருக்கு மேல் நீட்டியிருந்த கிளையில் குச்சிகளை ஒடித்தேன். நான் வேலை பார்ப்பது காருக்கு ஒயர் கட்டும் லைனில். பன்னிரண்டு வருடமாகக் கறுப்பு டேப் சுற்றிச் சுற்றிக் கை அதற்கே பழகிவிட்டது. ஹார்ட்வேர் கடையில் அதே மாதிரி ஒட்டும் டேப் வாங்கி, லைனில் சுற்றுவது போல அழகாகச் சுற்றி வைத்தேன். அந்த வெயிலில் கறுப்பு டேப் அடுப்புத் தட்டு போலச் சுட்டது. எட்டே நாளில் மூன்று குச்சியும் சுருங்கிவிட்டன. டேப்பை உரித்தபோது பட்டையும் சேர்ந்து வந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நர்சரியில் ஏன் மழை மேகம் கூடும் ஆடி வரை காத்திருந்தார்கள்? வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்திலிருக்கும் குச்சியில் இலைகளைக் கிள்ளி விட்டுவிடுவார்கள். காம்பை மட்டும் குச்சியிலேயே விட வேண்டும். காம்பின் அடியில் மொட்டு இருக்கிறது, இழுத்துப் பறித்தால் அது காயப்படும். இலை போனதும் மரம் அந்தக் குச்சியின் மொட்டுகளுக்குச் சத்தை அனுப்பும். மொட்டு பருக்கும். காம்பைத் தொட்டால் தானாக உதிரும் பதத்தில் குச்சியை வெட்ட வேண்டும். இத்தனையும் பார்த்தவள், என் முறை வந்தபோது மறந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் நீட்டிய கிளையில் ஒட்டுக்கு ஆகும் குச்சி மிச்சமில்லை. ஆக, இரண்டு தடவை அக்காவின் மரத்துக்குப் போக வேண்டும். இலை கிள்ள ஒரு தடவை, குச்சி வெட்ட ஒரு தடவை. மரத்தை எடுக்கப்போகிறவரிடம் போய், எனக்கு இந்த மரம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கட்டாதே என்று சொல்வது போல ஆகிவிடாதா? மூன்று நாள் வாக்கியம் தயார் செய்தேன். கடைசியில் முதல் ஆடி வெள்ளியன்று சுவர் ஓரம் நின்று, தோரணத்துக்குக் கொஞ்சம் மாவிலை வேண்டும் என்று கேட்டேன். பறித்துக்கொள், இதற்கெல்லாமா கேட்பாய் என்றார்.

எட்டுக் கன்றுதான் மிச்சம். ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஒன்பது குச்சி பார்த்தேன். வெயில் படும் கிளைகளில், கன்றுகளின் கனத்துக்கே, பச்சை மாறிச் சாம்பல் ஏறத் தொடங்கிய நுனிகள். கத்திரிக்கோலால் காம்பை விட்டுவிட்டு இலைகளை நறுக்கினேன். கூடையோடு ஏணியிலிருந்து இறங்கும்போது அக்கா எதிரில் நின்றிருந்தார். கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தோரணம் கட்டுகிற எவரும் காம்போடுதான் பறிப்பார்கள். காம்பை மடக்கிக் குத்தித்தான் கயிற்றில் கோக்க வேண்டும்.

"காம்பே இல்லாம இன்னா தோரணம் கட்டப்போற? பசை போட்டு ஒட்டுவியா?"

"ஒட்டத்தான்க்கா," என்று வந்துவிட்டது வாயில்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு வேறு வழியில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒட்டுக் கட்டப்போவதையும், பத்து நாளில் குச்சி வெட்ட வேண்டியதையும் தரையைப் பார்த்துச் சொன்னேன். குப்பையில்தான் அத்தனை கன்று முளைத்திருக்கிறதே, அதையே நட்டால் போதாதா என்று கேட்டார். கொட்டையில் வருவது அதே பழம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது, மகரந்தம் எங்கிருந்து வந்ததோ என்றேன்.

"அது சரி. நம்ம பெத்ததே நம்மள மாதிரி இல்ல," என்றார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிடம் முகம் மாறிவிட்டது.

"மரத்த கேட்டிருந்தா தந்திருக்க மாட்டனா? எலைய கேட்டுகினு வர்ற. என்னாண்ட பொய் சொல்ற அளவுக்கு நான் இன்னா பண்ணிட்டேன் உன்ன?"

கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது நியாயம். பத்து நாள் கழித்துக் குச்சி வெட்ட மறுபடி எந்த முகத்தோடு போவது என்ற நினைப்பிலேயே அந்த வாரம் போனது. தினமும் எங்கள் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பேன். பச்சைக்கு நடுவில் ஒன்பது மொட்டைக் குச்சி தனியாகத் தெரியும். நுனிகள் உப்பத் தொடங்கியிருந்தன.

ஒன்பதாம் நாள் முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பினேன். எங்கள் வீட்டுக்கு மேல் வானம் அதிகமாக இருந்தது. மரம் வெட்டும் ஆட்கள் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார்களாம். பூஜைதான் ஆவணியில், வெட்டுவதற்கு என்ன ஆடி என்று வேலையை முடித்துவிட்டார்கள். அடிமரம் துண்டு துண்டாகக் கிடந்தது. கிளைக் குவியலை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. நான் அந்தக் குவியலில் கையை விட்டுத் தேடினேன். எல்லாவற்றிலும் இலை இருந்தது. மொட்டைக் குச்சி ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். கையில் ஈரச் சாக்கு. பூக்காரர்கள் பூவைச் சுற்றுவது போலச் சுற்றி, குளியலறை நிழலில் வைத்திருந்திருக்கிறார். கிளை விழ விழ ஆட்களை நிறுத்தச் சொல்லி, மொட்டையாக இருந்ததை எல்லாம் அரிவாளால் வெட்டி எடுத்தாராம். ஒவ்வொன்றும் ஒரு முழம் இருந்தது.

"எட்டுதான் கீது. ஒண்ணு ஆடு துன்னுடுச்சி. அதாண்ட போய் கேளு, நெசத்த சொல்லும்."

காம்பைத் தொட்டேன். உதிர்ந்தது.

அன்று மாலையே எங்கள் சமையலறைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தோம். அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டார். புது பிளேடைச் சானிடைசரால் துடைத்தேன். கன்றை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நேராக வெட்டி, கீழே நாலைந்து இலைகளை விட்டேன். வெட்டிய தலையின் நடுவில் இரண்டு விரல் அளவு ஆழத்துக்குப் பிளந்தேன். குச்சியின் நுனிப் பக்கம் ஒரு சாண் நீளம் போதும். அதன் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்க வேண்டும். பல தடவை சுரண்டினால் மேடு பள்ளமாகி இடையில் காற்று நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. முதல் குச்சியில் இரண்டு மூன்று தடவை சுரண்டிவிட்டேன். இரண்டாவதிலிருந்து சரியாக வந்தது.

ஆப்பைப் பிளவில் இறக்கும்போது பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சை வரி பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் ஒரு பக்கமாவது பச்சையோடு பச்சை சேர வேண்டும். நடுவில் அழகாக வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒட்டு பிடிக்காது. பிறகு, பசை இல்லாத தெளிவான பிளாஸ்டிக் கவரில் விரல் அகலத்துக்கு வெட்டிய நாடா. கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று ஏற இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மேலே பாக்கெட் ஐஸ் கவரைத் தொப்பி போலக் கவிழ்த்து அடியில் கட்டினேன். தண்ணீரை மண்ணுக்கு மட்டும் ஊற்ற வேண்டும், ஒட்டில் படக்கூடாது என்றேன். எட்டும் முடிய இருட்டிவிட்டது. அதில் இரண்டு எனக்கு என்றார் அக்கா. ரூம் கட்டிய பிறகு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். மொட்டை மாடியில் பெயின்ட் டிரம்மில் வைப்பேன் என்றார்.

அதன்பிறகு தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும். கவருக்குள் வேர்த்திருக்கிறதா, குச்சி பச்சையாக இருக்கிறதா என்று. ஒட்டுக்குக் கீழே கன்று தானாகத் தளிர்விட்டால் உடனே கிள்ளிவிடுவேன், இல்லையென்றால் சாறெல்லாம் அதற்கே போய்விடும். பத்தாம் நாள் இரண்டு குச்சி கறுத்தன. நான் சுரண்டிய முதல் குச்சி அதில் ஒன்று. இன்னொன்று ஏன் என்று தெரியவில்லை. மற்ற ஆறில் மூன்றாம் வாரம் நுனி வெடித்துச் செம்புநிறத் தளிர் கவரை முட்டியது. வெயில் தாழ்ந்த பிறகு அக்காவைக் கூப்பிட்டு, இருவருமாகத் தொப்பிகளைக் கழற்றினோம். நாடாவை அவிழ்க்க இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை நிழலை விட்டு எடுக்கக்கூடாது என்று சொல்லி, இரண்டு பைகளைச் சுவருக்கு மேல் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அக்கா வீட்டில் கடைக்கால் பூஜை. நான் முதல் ஷிப்ட் போய்விட்டு வந்தேன். வாசலில் தோரணம் கட்டியிருந்தது. இலை படப்பையில் வாங்கினார்களாம்.