நாற்பதாம் கத்தத்திற்கு மறுநாள்

சுனாமியில் கடல்நீரை விழுங்கித் தப்பிய ஒருவருக்குப் பிந்தி மூளையில் சீழ் கட்டியது. அதைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை, அடுத்த வருடம் ஒரு மருத்துவச் சஞ்சிகைக்காக நான் தமிழாக்கினேன். பெயர் அதில் இல்லை. ஆனாலும், "அலைக்கு மூன்றாம் நாள் மனைவியின் மையித்து கிடைத்து அன்றே அடக்கினார்கள், அவருக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்திற்கு மறுநாள் தலையிடி தொடங்கியது" என்றிருந்தது. ஊரில் யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மனைவியையும் கத்தத்தையும் வெட்டி, "அலைக்குப் பின் நாற்பத்தோராம் நாள்" என்று பெருமையோடு எழுதினேன்.

பிரதியைக் கொடுத்துவிட்டுத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கத்தத்தை, மையித்தை அடக்கிய நாளிலிருந்தல்லவா எண்ணுவோம்! நோய் எப்போது தலைகாட்டும் என்பதுதானே அறிக்கையின் உயிர். என் பிழையால் உலகத்து டொக்டர்மார் எல்லாம் ஏமாறப்போவதாகப் பதறி, சாரன் காலில் தடக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன நானா, திரும்பவும் சுனாமியா?" என்றார், என்னை அண்ணன் முறையில் அழைக்கும் டொக்டர்.

"அதைவிடப் பெரிசு டொக்டர். நாள் பிழைச்சுப் போச்சு."

விரல்விட்டு எண்ணினார். "ஓம், அலையடிச்ச நாளையும் சேர்த்தா நாற்பத்து மூணு. மனுசிய எழுதாம நாள மட்டும் திருத்துங்க."

திருத்தினேன். இப்போது அந்த மனிதரை யாருக்கும் தெரியாது. அவருடைய தலையிடி தொடங்கிய நாள் எல்லோருக்கும் தெரியும்.