கமலவேணி திறக்காத மின்னஞ்சல்

எங்கள் ஆபீசில் மின்னஞ்சலைத் திறக்காமலே ஒழிப்பதில் கமலவேணியை மிஞ்ச ஆளில்லை. மலாக்காவில் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலை. கொள்முதல் பிரிவு அவளுடையது, பக்கத்து மேசை என்னுடையது. அட்டைப்பெட்டி விற்பவர், பசை விற்பவர், எதை விற்கிறோம் என்றே தெரியாமல் விற்பவர் எல்லாரும் அவளுக்குத்தான் எழுதுவார்கள். காரை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் கைப்பேசியில் பாதியை விரலால் தள்ளி அழித்துவிடுவாள்.

அவள் பார்ப்பது மூன்றே மூன்று. அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதற்குக் கீழே கைப்பேசி காட்டும் அரைவரி.

"ஆள் பேரு இல்லாம 'தகவல் பிரிவு'ன்னு வந்தா ஊருக்கே அனுப்புனதுலா," என்பாள். "'உங்கள் விசாரணைக்குப் பதில்'னு தலைப்பு வரும். நான் எதையும் விசாரிச்சிருக்க மாட்டேன். நம்மளத் திறக்க வைக்கிற திருட்டு வேலை அது. அந்த அரைவரியிலயும் 'தாங்கள் நலமென நம்புகிறோம்'னு எழுதியிருந்தா முடிஞ்சது."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படித்தான். அந்த அரைவரியில் விஷயத்தைச் சொல்லாமல் நலம் விசாரிக்கிறவர்கள்மேல் எனக்கு அப்போதும் கோபம், இப்போது இன்னும் கோபம்.

காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டில் அவளும் அவள் அப்பா சேதுபதியும்தான். இரண்டாம் உலகப்போர் சமயம், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜப்பான்காரன் அவருடைய அப்பா நல்லையாவை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போனவர் திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் சேதுபதி ஒருமுறைகூடத் திதி கொடுத்ததில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே கடலில் இறங்கும்போது அவர் கரையில் செருப்போடு நிற்பார்.

"செத்தாரான்னே தெரியாம எப்படிம்மா எள்ளும் தண்ணியும் விடுறது? உசுரோட இருக்கிறவருக்கு விட்டா பாவம் இல்லையா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். கடைசி வருஷங்களில் அவருக்கு இருந்தது அந்த ஒரே கவலைதான். ஒரு சேதி வரட்டும், ஒருதரம் தண்ணி விட்டுட்டுப் போயிடுறேன் என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் கோயில் மண்டபத்தில், ரயில் பாதைக்குப் போனவர்களின் குடும்பங்களைத் தேடும் தொண்டர்கள் சிலர் மேசை போட்டிருந்தார்கள். அப்பாவுக்காக கமலவேணி விவரம் கொடுத்தாள். தினமும் பார்ப்பது என்று ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியையே கொடுத்தாள். பிறகு வேலையில் மறந்தும் போனாள். சேதுபதி மறக்கவில்லை. "வேணி, ஏதும் வந்துச்சா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பார். "வந்தா சொல்ல மாட்டேனா, ப்பா," என்பாள்.

ஜூனில் சேதுபதி போய்விட்டார். படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாராம்.

அக்டோபரில் ஒரு நாள், நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தபோது கமலவேணியின் கைப்பேசி சத்தமிட்டது. அனுப்பியவர்: பூங்காவனம். தலைப்பு: மலாக்கா நல்லையா, சேதுபதியின் அப்பா. கீழே அரைவரி: 'உங்கள் தாத்தாவை அடக்கம் செய்தவரின் மகளோடு பேசினோம்.' அவள் நின்றபடியே திறந்தாள்.

சயாம் முகாமில் காலரா வந்து, ஆடி அமாவாசைக்கு மறுநாள் நல்லையா இறந்தார். ஆற்றோரம் ஒரு மூங்கில் புதர் அருகே உடன் இருந்தவரே புதைத்தார். அந்த மனிதர் ஊர் திரும்பி, பேராக் மாநிலத்தில் தன் மகளிடம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம், மலாக்காவில் நல்லையாவுக்கு ஒரு கைக்குழந்தை உண்டு என்று. கடைசியில், அந்தத் தொண்டர் குழுவைச் சேர்ந்த பூங்காவனம் கேட்டிருந்தார்: 'மார்ச் மாதமே எங்கள் குழு முகவரியிலிருந்து எழுதினோம். பதில் இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?' அந்த மார்ச் மின்னஞ்சலையும் கீழே சேர்த்திருந்தார்.

அனுப்பியவர்: தகவல் பிரிவு. தலைப்பு: உங்கள் விசாரணைக்குப் பதில். முதல் வரி: தாங்கள் நலமென நம்புகிறோம். பிறகு குழு எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை உறுப்பினர்கள். நல்லையாவின் பெயரும் அவர் இறந்த சேதியும் நான்காவது பத்தியில் இருந்தன.

அழித்தவை கிடக்கும் இடத்தில் அவள் தேடிப் பார்த்தாள். அது முப்பது நாளில் தானாகக் காலியாகிவிடும். அவளுக்கும் தெரியும், ஆனாலும் தேடினாள். மார்ச்சில் அவள் அப்பா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். காரில் உட்காரவைத்துக் கடலுக்குக் கூட்டிப்போயிருக்கலாம்.

"நான் கேட்டேன்தானே," என்றாள் என்னைப் பார்த்து. "விசாரிச்சது நான்தானே. பதில்தானே அது."

அவள் பூங்காவனத்துக்கு எழுதியதை நான் பார்த்தேன். வணக்கம்கூட இல்லை. 'அப்பா ஜூனில் இறந்துவிட்டார். நீங்கள் மார்ச்சில் எழுதியதை நான் திறக்கவில்லை.' அவ்வளவுதான்.

அன்று வேலை முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மின்னஞ்சல் பெட்டியில் குவிந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பசைக்காரர், அட்டைப்பெட்டிக்காரர், பயிற்சி வகுப்புக்காரர், எதையும் விடாமல் கடைசி வரிவரை படித்தாள். ஒன்றைத் திறந்ததும் விரல் நின்றது. தாங்கள் நலமென நம்புகிறோம் என்று தொடங்கியிருந்தது.

"இல்லைங்க," என்று திரையிடம் சொன்னாள், மெதுவாக. பிறகு அதையும் படித்தாள்.