நனைந்த சட்டை

ருஸைனி என் பக்கத்து வீட்டுக்காரன். மலேசியாவின் கிள்ளானில் அவன் வேலை பார்த்த கையுறை ஆலை ஆளைக் குறைத்ததும், அம்மாவின் அடுக்களையிலேயே மின்சிகரெட்டில் ஊற்றும் வேப் திரவம் கலக்க ஆரம்பித்தான். தராசு, ஊசி போடாத சிரிஞ்சு, முழங்கை வரை கையுறை. அளப்பதில் கறாரானவன்.

"நூறு மில்லிக்கு மூணு மில்லி நிகோட்டின்தாண்ணே. கை தவறி முப்பது ஊத்திட்டா இழுக்குறவன் சுருண்டு விழுவான்" என்றான் ஒருநாள். பிறகு ஒரு லிட்டர் புட்டியைக் காட்டினான். "இது கலக்காத நிகோட்டின். மேல பட்டாலே தோல் வழியா உள்ள போயிடும்."

"போடா, குடிச்சாத்தானே விஷம்?" என்று நான் சிரித்தேன். டயர் கடைக்காரனான எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அவன் அண்ணன் பைசோல் முரடன். தன் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சும் அடுக்களையில் இந்த வேலை வேண்டாமென்று பலமுறை சண்டை போட்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டையோடு வந்தான். உள்ளே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தராசு சிதறியது. தடுத்த தம்பியின் பல் உடைந்தது. அந்தப் புட்டியை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். அது வெடித்து அவன் மார்பெல்லாம் வழிந்தது.

"அபாங், சட்டையைக் கழட்டு!" ருஸைனி அண்ணனைப் பார்த்து அலறினான்.

"தண்ணி மாதிரிதானடா இருக்கு. நான் என்ன குடிச்சேனா?"

பைசோல் வாசலுக்கு வந்தான். ருஸைனி பின்னாலேயே பாய்ந்து அவனைக் கீழே தள்ளி, மேலே ஏறிச் சட்டையைக் கிழிக்கத் தொடங்கினான். வாயெல்லாம் ரத்தம். பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? அண்ணனைக் கொல்கிறான் என்றுதான் நினைத்தோம். நாலைந்து பேர் ஓடினோம். அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தது நான்.

"விடுங்கண்ணே, அவன் மேல தண்ணி ஊத்துங்க, சட்டையை எடுங்க..."

"அடங்குடா நாயே" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

படியில் உட்கார்ந்த பைசோலுக்கு மற்றவர்கள் விசிறினார்கள். பத்து நிமிடத்தில் அவன் முகம் வெளுத்தது. வாயில் எச்சில் ஒழுகியது. வாந்தி எடுத்தான், வியர்த்துக் கொட்டினான். அடிபட்ட அதிர்ச்சி என்றோம். ஈரச் சட்டை அப்படியே உடம்பில் ஒட்டிக்கிடந்தது. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு கையால் ருஸைனியை இறுக்கியபடி மறு கையால் பைசோலைத் தாங்கிய எனக்கும் தலை சுற்றி, குமட்டிக்கொண்டு வந்தது. தோல் வழியாகவே உள்ளே போகும் என்று ருஸைனி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ருஸைனியை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன். அவன் அண்ணனின் சட்டையை அறுத்து எறிந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஆம்புலன்ஸ் வந்தபோது பைசோலுக்கு மூச்சு நின்றிருந்தது.

போலீஸ்காரர் முதலில் ருஸைனிக்குத்தான் விலங்கு மாட்டினார். நான் முன்னால் போய் நின்றேன்.

"இவன் காப்பாத்தத்தான் பார்த்தான் சார். கையைப் பிடிச்சு நிறுத்தினது நான்."

ருஸைனி என்னைப் பார்க்கவில்லை. "எவ்வளவு நேரம் பிடிச்சீங்கண்ணே?" என்று மட்டும் கேட்டான்.