அர்ஜென்ட் ஆர்டருக்கு ஒரு போட்டோ

சென்னைக்கு வெளியே படப்பையில் நான் வேலை பார்த்த பேனர் கடையில், யார் வந்தாலும் சொல்லவேண்டியதை முதலாளி எழுதி போனுக்கு மேலே ஒட்டியிருந்தார். நாள் முழுக்க நான் பேசியது அது மட்டும்தான். "அர்ஜென்ட்னா மூணு மணி நேரம். எழுத்து உருமாறாம இருக்க கர்வ்ஸா மாத்தி சிடியில குடுங்க. போட்டோ ஒரிஜினலா, பெருசா இருக்கணும். ஃபைல் சரியா இருந்தாதான் டைம் ஸ்டார்ட் ஆவும்."

ஒருநாள் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பேர் வந்தார்கள். அறைத்தோழன் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டானாம். மதியம் உடலோடு திருநெல்வேலி கிளம்பவேண்டும், அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார்கள். நீட்டியது அவனுடைய அடையாள அட்டை. கட்டைவிரல் அளவு படம், தாடையில் கம்பெனி முத்திரை.

"இத பெருசாக்குனா மூஞ்சி கட்டங்கட்டமா தெரியும். வேற போட்டோ இல்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"மூணு வருசமா ஒரே ரூமுலதான் கெடந்தோம்ணே. போட்டோ எடுக்கணும்னு தோணல."

ஆறடி பேனரில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் அவன் முகத்தை வைத்தேன். எட்டி நின்றால் யாரென்றே தெரியவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் என்னைப் பெரிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

"பொண்ணு பாக்குறாங்களா?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். பெரிய சைஸில் பிரிண்ட் போடச் சொன்னேன்.

அதை ஸ்கேன் செய்து, சிடியில் ஏற்றி, மேலே என் பெயரை எழுதிக் கடை இழுப்பறையில் வைத்தேன். ஃபைல் சரியாக இருந்தது. ஆர்டர் கொடுக்க யார் வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.