எனக்கு அவர் பத்லி

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. முடிந்து எழுந்தால் தலை சுற்றும். ஒருமுறை தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேலையை விடவும் முடியாது. என் சம்பளத்தில் பிடிக்கும் இ.எஸ்.ஐ.யில்தான் அவளுக்குச் சிகிச்சையே நடந்துகொண்டிருந்தது.

எனக்கு எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நிரந்தர வேலை. மீன், இறால், மருந்து வரும் குளிர்ப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். கரண்ட் ஓடுகிறதா, பெட்டிக்குச் சொன்ன குளிரும் உள்ளே இருக்கும் குளிரும் ஒன்றா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பார்க்காமல் விட்டால் சரக்கு அழுகிவிடும்.

யோசனை பாயுடையது. என்னோடு அதே வரிசையில் வேலை பார்த்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, முழு வாரம் முடியவில்லை என்று நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, உன் வேலைய ரெண்டா வெட்டிக்கலாம். நீ பாதி, நான் பாதி. எனக்கும் வூட்ல குந்திகினு பேஜாரா கீது."

"மேனேஜர் ஒத்துக்குவாரா பாய்?"

"கேட்டா தானே தெரியும்? நீ வாயத் தொறக்க மாட்ட. நான் கேக்கறேன்."

மேனேஜர் துரத்தவில்லை. "எழுதிக் குடுங்க. எந்த நாள் யாரு, ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் எப்படிப் பிடிப்பீங்க, வேலை கெடலன்னு எனக்கு எப்படித் தெரியும். மூணும் வேணும். ஹெட் ஆபீசுக்கு அனுப்பறேன்" என்றார்.

நான் ஐந்தாவது வரைதான். பாய் பத்தாவது. அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். திங்கள், புதன், வெள்ளி அவர். மற்ற மூன்று நாள் நான். ஞாயிறு எப்போதும் போல ரிலீவர் வந்து பார்த்துக்கொள்வார். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் வருவார். வேலை முடிந்ததும் தொல்லை கொடுக்கும் பெட்டிகளின் நம்பர், மெக்கானிக் என்ன செய்தார், மறுநாள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஷிப்ட் ஆபீஸ் பலகையில் எழுதிவிட்டு, சாயந்திரம் போனிலும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து எல்லா வரிசையும் நடப்போம். விட்டுப்போன சுற்று எத்தனை, சிவப்பு விளக்கைப் பார்த்து மெக்கானிக்குக்குச் சொல்ல எவ்வளவு நேரம், சரக்குக்காரரிடமிருந்து புகார் உண்டா என்று மூன்று மாதம் பார்த்து, அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடலாம். மோசமானால் பழையபடி முழு வேலைக்கு நானே திரும்பிவிடுவேன்.

இப்படிப் பாதி நாள் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. அறுந்துபோகாது என்று பாய் அந்த ஆபீசிலேயே போய்க் கேட்டு வந்திருந்தார்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். "எனக்கு அவர் பத்லி, அவருக்கு நான் பத்லி." எங்கள் பக்கத்தில் ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதற்கு அந்தச் சொல்தான். டீக்கடையில்கூட, "கொஞ்சம் பத்லி நில்லு, வந்துடறேன்" என்போம். அந்த வரியைப் படித்து இருவருக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார் பாய்.

மேனேஜர் படித்துவிட்டு, "நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார். அந்த வாரம் முழுக்க என் மனைவி சிரித்த முகமாக இருந்தாள்.

ஹெட் ஆபீஸ் பதில் வந்தபோது மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஓகே ஆயிடுச்சு. ரெண்டு பேரும் பத்லி. கையெழுத்துப் போடுங்க."

பாய் தாளை வாங்கிப் படித்தார். "இன்னா சார் இது? தேவப்பட்டா கூப்டுவோம்னு போட்ருக்கு. நாள் கணக்கே இல்லியே. இவரு பர்மனென்ட் சார்."

"நீங்களே எழுதியிருக்கீங்களே, அவர் பத்லி, நான் பத்லின்னு. பத்லின்னா கூப்பிட்டாதான் வேலை. மில்லு, ஹார்பர் எல்லாத்துலயும் அதான் அர்த்தம்."

"அது நாங்க பேசற பேச்சு சார். அந்த வரிய அடிச்சிட்டு வேற எழுதித் தரோம்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரியப் பார்த்துதான்யா ஒத்துக்கிட்டாங்க. நிரந்தர வேலை ஒண்ணு குறையுதுல்ல. அடிச்சா எல்லாமே அடிபடும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிடாத மாதத்தில் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் இ.எஸ்.ஐ. என்ன ஆகும்? அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கிடைக்கும், போவதற்கு ஆஸ்பத்திரி இருக்காது. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பாய்தான் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தார். "வேணாம் சார். இவரு முழு வேலையே பாக்கட்டும்."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "வுடு நைனா. எனக்கு வேற எதுனா கெடைக்கும்" என்றார். அவர் உடம்புக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். நான் யார்டுக்குப் போனேன். மேனேஜர் வரிசைகளுக்கு நடுவே எதிரில் வந்தார்.

"வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்" என்றேன்.

"அதான் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.